முதல் தொடர்பு செல்லசாமி

பிரிஜித்தை வேலையிலிருந்து அனுப்பப்போகிறார்கள் என்பதை மேனேஜர் செல்லசாமி தன் வாயாலேயே அவளிடம் சொன்னார். சொல்லும்போது மேசை மேல் கிடந்த சாவிக்கொத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"முதலாளி தீர்மானிச்சாச்சு. இந்த வெள்ளிக்கிழமையோட உனக்க கணக்கு தீந்திரும். அதுக்கு முன்ன ஓமனாவுக்கு எல்லாம் சொல்லிக்குடுக்கணும். பேப்பர்ல எழுதியும் தரணும். அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரன் பரிசோதனைக்கு வாறான். அலாரத்துக்கு எழுதின ரேகை உண்டான்னு அவன் கேப்பான்."

பிரிஜித் சரி என்று தலையாட்டினாள். அவள் கண் முழுக்க அந்தச் சாவிக்கொத்தின் மேல்தான் இருந்தது.

பாறசாலைக்கும் காரோட்டுக்கும் நடுவில் இருந்த அந்த இறால் கம்பெனியில் அவள் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பாலிடெக்னிக் படித்துவிட்டு வந்தவள். குளிர் அறைகளில் வெப்பம் ஏறினாலோ, கம்ப்ரசர் அறையில் அமோனியா கசிந்தாலோ மணி அடித்து, உடனே மேனேஜருக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாட்டை ஒரு பழைய கம்ப்யூட்டரில் அவள்தான் செய்து வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் மோடம் வழியாகத் திருவனந்தபுரத்துப் பேஜர் நிலையத்தைக் கூப்பிடும். அங்கிருந்து செய்தி கிளம்பி, இடுப்பில் பேஜர் கட்டியிருப்பவருக்குப் போகும். பார்த்தவர் கம்பெனிக்கு போன் செய்து சொல்ல வேண்டும். அவர் பேசியதை கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் கம்ப்யூட்டரில் பதிந்தால்தான் அந்த எச்சரிக்கை அடங்கும்.

அவளுடைய அண்ணன் சகாயதாஸ் அதே கம்பெனியில் கம்ப்ரசர் ஆபரேட்டர். மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்ப்ரசர் அறையில் ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போனது. மணி அடித்தது. கம்ப்யூட்டர் செல்லசாமிக்குச் செய்தி அனுப்பியது. பதில் இல்லாததால் மறுபடியும் மறுபடியும் அனுப்பியது. மூக்கு மூடும் முகமூடிகள் எல்லாம் ஒரு அலமாரியில் பூட்டிக் கிடந்தன. அதன் சாவி செல்லசாமியின் கொத்தில் இருந்தது. மதிலை ஒட்டியிருந்த அவருடைய குவார்ட்டர்ஸுக்கு ஓடிப்போய்த் தட்டினார்கள். ஆள் இல்லை. பக்கத்து ஷெட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் இருமத் தொடங்கினார்கள். அவர்களில் சகாயதாஸின் மனைவி ரத்னபாயும் இருந்தாள். சகாயதாஸ் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போய் வால்வை அடைத்தான். அடைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் குழாயில் மிஞ்சியிருந்த அமோனியா முகத்தில் பீச்சியது. ஒரு கண் அடியோடு போனது. மற்றக் கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின.

விசாரணையில் செல்லசாமி சொன்னார்: "நான் குவார்ட்டர்ஸ்ல குளிச்சிட்டு இருந்தேன். கதவு தட்டினது கேக்கல. பேஜர் கட்டில்மேல இருந்தது. ஒரு செய்தியும் வரல. அந்தப் பிள்ளை செய்து வச்ச மெஷின் அனுப்பல்ல."

அனுப்பியதாகக் கம்ப்யூட்டர் அச்சடித்த தாளை பிரிஜித் காட்டினாள். அதை அவளே அடித்திருக்கலாம் என்றார்கள். பேஜர் நிலையத்தில் கேட்டால், செய்தியை வாங்கி அனுப்பியதாகச் சொல்வார்களே தவிர, பேஜரில் விழுந்ததா என்று அவர்களாலும் சொல்ல முடியாது. வந்தது என்று திருப்பிச் சொல்லும் வசதி அந்தப் பேஜர்களில் இல்லை. செல்லசாமிக்கு அது தெரியும். அவள்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஆனால் அவர் குவார்ட்டர்ஸில் இல்லை என்பதும், கம்பெனி ஜீப்பை எடுத்துக்கொண்டு களியக்காவிளை தாண்டிப் போயிருந்தார் என்பதும் ஆபீஸில் இருந்த ஓமனாவுக்குத் தெரியும். ஜீப் சாவியை எடுத்துக் கொடுத்ததே அவள்தான். பிரிஜித்துக்கும் அது தெரியும், ஆனால் நேரில் பார்த்த சாட்சி ஓமனாதான். விசாரணையில் கேட்டபோது ஓமனா, நான் கவனிக்கவில்லை என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த ஓமனாவிடம்தான் இப்போது எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும்.

பிரிஜித் எழுத உட்கார்ந்தபோது அவள் மனதில் இருந்தது ஒரே ஒரு எண்ணம். செல்லசாமி அழிய வேண்டும். வழி மிகச் சுலபமாக இருந்தது. கம்ப்யூட்டரில் பேஜர் எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றிவிட்டால் போதும். ஏற்றுமதிக்கு நிறைத்து வைத்திருக்கும் குளிர் அறை ஒருநாள் சூடேறும். செய்தி எங்கோ முன்பின் தெரியாத ஒருவனுக்குப் போகும். அத்தனை இறாலும் அழுகிக் கொழகொழத்துப் போகும். முதலாளி செல்லசாமியின் கழுத்தைப் பிடிப்பார். பக்கத்தில் ஓமனாவும் நிற்பாள். கண்ணை மூடினால் அந்த நாற்றம்கூட அவளுக்கு வந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

எண்ணை மாற்றியும் விட்டாள்.

அன்று மாலை கம்பெனி விட்டு வெளியே வரும்போது ரத்னபாய் கேட்டுக்கு அருகில் அவளுக்காக நின்றாள். கைவிரல்கள் ஐஸில் ஊறி வெளுத்திருந்தன. இருவரும் காரோட்டுக்குப் போகும் பாதையில் நடந்தார்கள்.

"நீ போனபெறவு அந்த மெஷின யாரு பாத்துக்கிடுவா?" ரத்னபாய் கேட்டாள்.

"ஓமனாக்கா."

"அவளுக்குத் தெரியுமா?"

"எழுதிக்குடுக்கியேன்."

ரத்னபாய் வெளுத்த விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். பிறகு, "நல்லா எழுது பிள்ளே. நாங்க இருவது முப்பது பெண்ணுங்க உள்ள இருக்கோம். இனி ஒருக்க உனக்க அண்ணன் வந்து அடைக்க மாட்டாரு" என்றாள்.

பிரிஜித்தால் மயினி ரத்னபாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குளிர் அறைக்கு ஒரு எண், அமோனியாவுக்கு வேறு எண் என்று கிடையாது. இரண்டுக்கும் ஒரே எண்தான். தான் மாற்றிய அந்த இலக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மறுநாள் காலை முதல் வேலையாக எண்ணைச் சரியாக்கினாள். ஆனால் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அதற்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

அந்த வழி, உள்ளதை உள்ளபடி எழுதுவதிலேயே இருந்தது.

எந்தெந்த எச்சரிக்கை எப்போது வரும் என்று முதலில் எழுதினாள். குளிர் அறை மைனஸ் பதினெட்டுக்கு மேல் ஏறி கால் மணி நேரம் அப்படியே நின்றால்தான் செய்தி போகும். கதவைத் திறந்து சரக்கு ஏற்றும்போது கொஞ்ச நேரம் ஏறுவது சாதாரணம், அதற்கெல்லாம் ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. அமோனியாவுக்கு அப்படிக் காத்திருப்பு கிடையாது. கருவி காட்டிய உடனே மணி அடிக்கும், செய்தி போகும். மணி அடித்தால் பேஜருக்குப் பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. முதலில் ஷெட்டில் இருப்பவர்களைக் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கமாக வெளியே அனுப்ப வேண்டும். இந்த வரிக்கு அடியில் கோடு போட்டாள்.

பிறகு இந்த ஏற்பாட்டால் எதெல்லாம் முடியாது என்று எழுதினாள். ஒரு செய்தியில் எண்பது எழுத்துக்கு மேல் போகாது. மோடம் கூப்பிடும் நேரத்தில் அதே லைனில் ஆபீஸ் போன் வேலை செய்யாது. கரண்ட் போனால் பாட்டரியில் அரை மணி நேரம்தான் ஓடும். பேஜர் நிலையம் வாங்கிக்கொண்டது என்று திரையில் வந்தால், ஆளுக்குக் கிடைத்தது என்று அர்த்தம் இல்லை. பாறசாலை வரைக்கும் சிக்னல் உண்டு. மாநில எல்லை தாண்டிக் களியக்காவிளைப் பக்கம் போனால் கிடையாது. அங்கே இருக்கும்போது போன செய்தி, ஆள் திரும்பி வந்த பிறகும் பேஜரில் வராது. முகமூடி அலமாரியின் சாவி ஒரு ஆளின் கையில் இருக்கக்கூடாது. கம்ப்ரசர் அறை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்க வேண்டும்.

தொடர்புகள் என்ற இடத்துக்கு வந்தபோது அவள் சற்று நேரம் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். முதல் தொடர்பு செல்லசாமி. பத்து நிமிஷத்துக்குள் அவர் போன் செய்யாவிட்டால் இரண்டாவது தொடர்பு, நெய்யாற்றின்கரையில் இருக்கும் முதலாளி ஞானையன். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. ஒருமுறை வெறும் கருவிக்கோளாறால் முதலாளிக்குச் செய்தி போய், அவர் ஒரு கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வர வேண்டியதாயிற்று. அதைச் சாக்காக வைத்து செல்லசாமி அவர் எண்ணை எடுக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் செல்லசாமிக்கு மட்டும்தான்.

கடைசியாக அவள் ஒரு பத்தி சேர்த்தாள். வாரத்துக்கு ஒருமுறை சோதனைச் செய்தி அனுப்ப வேண்டும். உண்மையான எச்சரிக்கை வந்தால் எப்படியோ அதே முறையில், அதே வரிசையில். பதில் வராவிட்டால் அடுத்தவருக்குப் போக விட வேண்டும், இடையில் நிறுத்தக்கூடாது. நாள் வெள்ளிக்கிழமை. நேரம் மத்தியானம் மூன்று மணி.

தாளை எடுத்துக்கொண்டு செல்லசாமியிடம் போனாள். அவர் பக்கங்களைப் புரட்டினார். தொடர்புகள் பக்கத்தில் நிறுத்தி, "எனக்க பேரு மொதல்ல இருக்கா?" என்றார்.

"உண்டு சார்."

"முதலாளி பேரும் கெடக்கே."

"ரெண்டு பேராவது இல்லாம பரிசோதனைக்காரன் ஒத்துக்க மாட்டான் சார். சட்டத்துல இருக்கு."

அவர் யோசித்தார். "அப்ப பேப்பர்ல கெடக்கட்டு. கம்ப்யூட்டர்ல வேண்டாம், கேட்டியா?"

பிரிஜித் அவர் ஒப்பு போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். அவர் பேனாவை எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பு போட்டார். சோதனைப் பத்தி இருந்த பக்கத்திலும் போட்டார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படிப்பார் என்ற பயமும் அவளுக்கு இருக்கவில்லை. மூன்று வருஷமாக அவள் எழுதிக்கொடுத்த எதையும் அவர் படித்ததில்லை.

அவள் நேராகக் கண்ட்ரோல் ரூமுக்கு வந்து, பேப்பரில் உள்ளபடியே முதலாளியின் எண்ணைக் கம்ப்யூட்டரில் இரண்டாவதாகச் சேர்த்தாள்.

ஓமனா பெருங்கடவிளையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பிரிஜித்தைவிடப் பத்து வயது மூத்தவள். இரண்டு நாளாக எல்லாவற்றையும் கவனமாகக் கற்றுக்கொண்டாள். கடைசிப் பக்கத்தைப் படித்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"வெள்ளிக்கிழமை மூணு மணி" என்று மெல்ல வாசித்தாள். "நீ இத மனசறிஞ்சு எழுதினதாக்கும்."

"ஆமா."

"அவரு வெள்ளிக்கிழமை எங்க போவாருன்னு உனக்குத் தெரியும்."

"உங்களுக்கும் தெரியும்."

ஓமனா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "பிரிஜித்தே, இது எனக்க தலையிலயாக்கும் விழும். முதலாளி என்னைத்தான் கேப்பாரு. எனக்க வீட்டுக்காரருக்கு வேலை இல்லேன்னு உனக்குத் தெரியுமில்லா?"

"விழட்டு." பிரிஜித்தின் குரல் உயரவில்லை. "எனக்க தலையில விழும்போ நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. அண்ணனுக்குக் கண்ணு போனப்பவும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. சோதனை செய்யாண்டாம்னா செய்யாண்டாம். ஆனா செய்யல்லேன்னு இந்தப் பேப்பர்ல எழுதி ஒப்பு போடணும்."

ஓமனாவின் கண் நிறைந்தது. பிரிஜித்துக்கு அதைப் பார்க்க இதமாக இருந்தது. தேற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பிரிஜித்தின் கடைசி நாள். சாப்பாடு முடிந்ததும் செல்லசாமி ஓமனாவின் மேசையிலிருந்து ஜீப் சாவியை எடுத்துக்கொண்டார். "வங்கி வரை போயிட்டு வாறேன்" என்றார். ஜீப் கிழக்கே, களியக்காவிளைப் பக்கம் திரும்பிப் போனதை இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

மூன்று மணிக்கு பிரிஜித் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். இனி அது அவளுடைய வேலை இல்லை. ஓமனா பேப்பரைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு அவளே சோதனையைத் தொடங்கும் விசையை அழுத்தினாள். மோடம் கிரீச்சிட்டு எண்ணைச் சுழற்றியது. நிலையம் வாங்கிக்கொண்டது என்று திரையில் வந்தது.

போன் அடிக்கவில்லை. பத்து நிமிஷம் கழிந்தது. மோடம் மறுபடி கிரீச்சிட்டது. இந்த முறை போனது முதலாளிக்கு. சோதனைச் செய்தி, முதல் தொடர்பு செல்லசாமியிடமிருந்து பதில் இல்லை என்று.

அது போய்க் கொஞ்ச நேரத்திலேயே போன் அடித்தது. ஓமனா எடுத்தாள். எதிர்ப்பக்கத்தில் ஞானையனின் கனத்த குரல் பிரிஜித்துக்கும் கேட்டது.

"என்ன சோதனை? செல்லசாமி எங்க?"

ஓமனா வாயைத் திறந்தாள். வங்கி என்றுதான் சொல்வாள் என்று பிரிஜித் நினைத்தாள். ஓமனா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"களியக்காவிளைக்கு அப்புறம் போயிருக்காரு சார். எல்லா வெள்ளிக்கிழமையும் போவாரு. கம்பெனி ஜீப்புல. அங்க ஒரு இறால் வியாபாரிக்க ஷெட்டுல அவருக்குப் பங்கு உண்டு. நமக்கு இறால் பிடிச்சுத் தாற போட்டுக்காருக்க நல்ல சரக்கு முதல்ல அங்கயாக்கும் போறது." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "சகாயதாஸுக்குக் கண்ணு போன அன்னைக்கும் அங்கதான் இருந்தாரு. நான்தான் சார் சாவி எடுத்துக் குடுத்தேன்."

போனை வைத்ததும் ஓமனா உட்கார்ந்துவிட்டாள். பிரிஜித் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

ஞானையன் காரை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நேராகச் செல்லசாமியின் அறைக்குள் போய் அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். ஒப்படைப்புப் பேப்பரைக் கேட்டு வாங்கி, மூக்குக்கண்ணாடி போட்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் செல்லசாமியின் ஒப்பு இருந்தது. எல்லைக்கு அப்பால் சிக்னல் இல்லை என்ற பக்கத்திலும் இருந்தது.

பொழுது சாயத் தொடங்கியபோது ஜீப் உள்ளே நுழைந்தது. செல்லசாமி சீட்டியடித்துக்கொண்டே இறங்கினார். முதலாளியின் காரைக் கண்டதும் சீட்டி நின்றது. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். தன் நாற்காலியில் இருப்பவரைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற பிரிஜித்தைப் பார்த்தார்.

"வங்கில நல்ல கூட்டம்..." என்று தொடங்கினார்.

"பேஜர எடு" என்றார் ஞானையன்.

செல்லசாமி கையிலிருந்த சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து பேஜரை எடுத்துக் கொடுத்தார். ஞானையன் பொத்தானை அழுத்திப் பார்த்தார். அன்றைய செய்தி எதுவும் அதில் இல்லை. அவர் தன் பேஜரை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதில் இருந்தது.

"வங்கி பாறசாலைலதானே இருக்கு? அங்க எனக்க பேஜர் நல்லா அடிக்குமே. உனக்குள்ளது மட்டும் அடிக்காதா?"

செல்லசாமியின் நெற்றியில் வியர்வை அரும்பியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஞானையன் எழுந்து மேசையில் அடித்தார். "எனக்க சரக்க எடுத்து எனக்கே போட்டி நடத்துதியா நீ! எலே, உன்ன நம்பியில்லா இந்தக் கம்பெனிய விட்டிருந்தேன்!"

வெகு நேரம் அவர் இறாலைப் பற்றியே கத்தினார். எந்தப் படகின் சரக்கு, எந்த வியாபாரி, எவ்வளவு நாளாக என்று. பிரிஜித் காத்திருந்தாள். கண்ணைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவளுக்கு உள்ளே கொதித்தது.

"சார்" என்றாள். "எனக்க அண்ணனுக்குக் கண்ணு போன அன்னைக்கு இவரு எங்க இருந்தாருன்னு இவரே சொல்லட்டு."

ஞானையன் கையை வீசினார். "அது முடிஞ்ச காரியம் பிரிஜித். உன்ன வேலையில திரும்ப எடுத்துக்கிடுதேன். பின்ன என்ன வேணும்?"

"வேலை எனக்கு வேண்டாம். இவரு சொல்லணும்."

செல்லசாமி தரையைப் பார்த்தார். ஓமனா வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், வேலை முடிந்து கை கழுவிய ஷெட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். ரத்னபாயும் இருந்தாள். செல்லசாமி அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கத்திலும் பெண்கள் நின்றார்கள்.

"களியக்காவிளைக்கு அப்புறம்" என்றார். குரல் வெளியே வரவில்லை.

"கேக்கல்ல" என்றாள் பிரிஜித்.

"ஷெட்டுல இருந்தேன். அங்க ஷெட்டுல இருந்தேன். போதுமா?"

"சாவி?"

"எனக்க கையில."

ரத்னபாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மேசை மேல் கிடந்த சாவிக்கொத்தை எடுத்தாள். அவள் எதற்காக எடுக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. முகமூடி அலமாரியைத் திறந்து வைத்துவிட்டு வந்து கொத்தைத் திரும்பப் போட்டாள்.

ஞானையன் செல்லசாமியை அன்றே அனுப்பிவிட்டார். அதோடு விஷயத்தை முடித்துக்கொள்ளத்தான் அவர் விரும்பினார். பிரிஜித் முடிக்க விடவில்லை. திங்கட்கிழமை காலையில் ஓமனாவையும் ரத்னபாயையும் கூட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், விசாரணையில் செல்லசாமி சொன்னது பொய் என்று எழுதிக்கொடுத்தாள். ஓமனா தான் அன்று சொல்லாமல் மறைத்ததையும் சேர்த்து எழுதி ஒப்பு போட்டாள். வழக்கு பல மாதம் இழுத்தது. செல்லசாமி ஒவ்வொரு தவணைக்கும் வந்து நின்றார். பிரிஜித்தும் ஒவ்வொரு தவணைக்கும் போனாள். வக்கீல் வரவேண்டாம் என்று சொன்ன நாட்களிலும் போய், அவருக்கு எதிரே தெரியும்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பரிசோதனைக்காரர் வந்து, அலாரக் காகிதம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனதாக ஓமனா பின்னால் ஒருநாள் சொன்னாள். பிரிஜித் நெய்யாற்றின்கரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கப் போனாள்.

செல்லசாமி அகப்பட்ட அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது சகாயதாஸ் முற்றத்தில் பாயில் உட்கார்ந்திருந்தான். காலடிச் சத்தத்திலேயே தங்கை என்று தெரிந்துகொண்டு முகத்தைத் திருப்பினான். அதற்குள் ரத்னபாய் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"மக்கா, இஞ்ச இரி" என்றான். அவள் உட்கார்ந்தாள்.

"அவனுக்க மொகம் எப்படி இருந்துது?"

பிரிஜித் சொன்னாள். ஜீப்பிலிருந்து இறங்கியபோது எப்படி இருந்தார், முதலாளியின் காரைப் பார்த்தபோது என்ன ஆனது, நெற்றியில் வியர்வை எங்கே தொடங்கியது, வாய் எப்படிக் கோணியது, ஷெட்டுப் பெண்களைப் பார்த்ததும் கண் எங்கெங்கே ஓடியது என்று ஒன்று விடாமல் சொன்னாள். சகாயதாஸ் தலையைச் சாய்த்து, ஒவ்வொரு சொல்லாக வாங்கிக்கொண்டான். அவன் உதடு லேசாக விரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"போதும். சோறு ஆறுது, வாருங்க" என்று ரத்னபாய் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"ஆறட்டு" என்றான் சகாயதாஸ். "பிரிஜித்தே, அவன் ஜீப்புல இருந்து எறங்கினதுல இருந்து இன்னொருக்க சொல்லு. மெதுவாச் சொல்லு."

அவள் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.